ஏழு கிலோப் பெட்டி இருபத்திரண்டரை கிலோ ஆனது எப்படி: கூரியரின் கனவளவு எடைக் கணக்கு

வெள்ளவத்தை காலி வீதியில் ஒரு பொதி முகவர் கடையில் நான் கவுண்டரில் இருக்கிறேன். ரொறொன்ரோ, லண்டன், பாரிஸ் என்று பெட்டிகள் போய்க்கொண்டே இருக்கும் கடை. வெளிநாட்டுக்கு முதன்முதலாகப் பொதி அனுப்புகிறவர்கள் எங்களிடம் கோபப்படும் இடம் அநேகமாக ஒன்றுதான். போனில் ஒரு விலை சொல்கிறோம், பெட்டியை எடுக்க வான் வீட்டுக்குப் போனதும் இன்னொரு விலை வருகிறது. அந்தக் கோபம் நியாயமானது. ஏன் அப்படி நடக்கிறது, வராமல் தடுக்க வீட்டிலேயே என்ன செய்யலாம் என்பதை, நான் கையால் பிரித்துக் கட்டிய ஒரு பெட்டியை வைத்தே சொல்கிறேன்.

இராமகிருஷ்ண வீதியில் இருந்து ஒரு அன்ரி போன் எடுத்தார். ரொறொன்ரோவில் பேத்தியின் கல்யாணம். நாலு பட்டுச்சேலை, ஒரு சின்னப் பித்தளைக் குத்துவிளக்கு, விருந்தினருக்குக் கொடுக்க முப்பது பனையோலைப் பெட்டி, பூ வைத்து அலங்கரித்த இரண்டு ஆலாத்தித் தட்டு. "எல்லாம் ஒரு பெட்டியில கட்டிப்போட்டன் தம்பி, ஏழு கிலோ இருநூறு கிராம்" என்றார். ஏழரைக் கிலோவுக்கு விலை சொன்னேன். பெட்டியின் அளவை நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும், அது என் பிழை.

அடுத்த நாள் வான் போனது. பெடியன் நாடா பிடித்து அளந்துவிட்டு இருபத்திரண்டரை கிலோ என்றிருக்கிறான். அரை மணித்தியாலத்தில் அன்ரி பெட்டியை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு கடைக்கே வந்துவிட்டார்.

"தம்பி, நான் வீட்டுத் தராசில மூண்டு தரம் நிறுத்தனான். இதுக்குள்ள இருபத்திரண்டு கிலோ எங்க இருக்கு? தூக்கிப் பாருங்கோ!"

தூக்கிப் பார்த்தேன். ஏழு கிலோதான். அவர் சொன்னதும் சரி, பெடியன் சொன்னதும் சரி.

ஒரு கிலோவுக்கு ஐந்து லீட்டர் இடம்

விமானத்தில் பாரம் முடிவதற்கு முன்பே இடம் முடிந்துவிடலாம். பஞ்சுத் தலையணையால் நிரப்பினால் விமானம் கொஞ்ச எடையோடுதான் பறக்கும், ஆனால் வேறு ஒரு பெட்டிக்கும் இடம் இருக்காது. ஆகவே கூரியர்காரர் இரண்டு எடையைப் பார்க்கிறார்கள். தராசு காட்டும் எடை ஒன்று. பெட்டி பிடிக்கும் இடத்தைக் கிலோவாக மாற்றிய எடை மற்றது. அதைத்தான் கனவளவு எடை என்கிறோம், கவுண்டரில் 'வொலியூம் வெயிட்' என்பார்கள். இரண்டில் எது கூடவோ அதற்குத்தான் காசு. இரண்டையும் கூட்டுவதில்லை.

DHL, FedEx, UPS போன்ற சர்வதேச எக்ஸ்பிரஸ் சேவைகளில் கணக்கு இதுதான். அளவுகள் சென்ரிமீற்றரில்:

நீளம் × அகலம் × உயரம் ÷ 5000 = கனவளவு எடை (கிலோ)

இந்த 5000 எதைச் சொல்கிறது என்று விளங்கினால் கல்குலேட்டர் இல்லாமலே பாதி வேலை முடிந்துவிடும். 5000 கன சென்ரிமீற்றர் என்பது ஐந்து லீட்டர். கடையில் வாங்கும் ஐந்து லீட்டர் தண்ணீர்ப் போத்தலை நினைத்துக்கொள்ளுங்கள். அந்தப் போத்தல் அளவு இடத்துக்கு ஒரு கிலோ விலை. அந்த இடத்துக்குள் நீங்கள் வைத்தது ஒரு கிலோவுக்கு மேல் இருந்தால் தராசு எடைக்குக் கட்டுவீர்கள். குறைந்தால் இடத்துக்குக் கட்டுவீர்கள். புத்தகம், மிளகாய்த்தூள், பித்தளைச் சாமான் எல்லாம் முதல் வகை. ஓலைப் பெட்டி, பொம்மை, பூமாலை, மெத்தை உறை எல்லாம் இரண்டாவது வகை.

சாதாரண விமானச் சரக்கில், அதாவது விமான நிலையத்துக்கு மட்டும் போய் அங்கே நீங்களே ஆள் வைத்து எடுக்கும் கார்கோவில், வழக்கமாக 6000 ஆல் வகுப்பார்கள். அதே பெட்டிக்கு அங்கே கிலோ குறையும், ஆனால் வீட்டு வாசலுக்கு வராது. உள்நாட்டுக் கூரியர்களிலும் பெரிய பெட்டிக்கு அளவு பார்ப்பவர்கள் உண்டு. ஆகவே விலை கேட்கும்போது முதல் கேள்வி "எத்தனையால வகுக்கிறீங்கள்?" என்பதாக இருக்கட்டும். அதைக் கேட்ட உடனேயே, கவுண்டரில் இருப்பவர் பெட்டியின் அளவையும் கேட்பார்.

அந்தப் பெட்டியின் கணக்கு

அன்ரி கட்டியிருந்தது பழைய ரைஸ் குக்கர் பெட்டி. பெட்டியின் விளிம்பில் நாடா வைத்தால் 58 நீளம், 44 அகலம், 41 உயரம். பெருக்கினால் 1,04,632. ஐயாயிரத்தால் வகுத்தால் 20.93. கூரியரில் அநேகமாக அரைக் கிலோ அரைக் கிலோவாக மேலே தூக்குவார்கள், எனவே 21 கிலோ.

அப்படியானால் பெடியனுக்கு 22.5 எப்படி வந்தது? பெட்டியின் மேல்மூடி வீங்கியிருந்தது. ஆலாத்தித் தட்டின் பூ மேலே முட்டி, மூடியை நடுவில் குவித்து விட்டிருந்தது. கூரியர் அளப்பது விளிம்பை அல்ல, பெட்டி எங்கே அதிகம் புடைத்திருக்கிறதோ அந்த இடத்தை. நடுவில் உயரம் 44. இப்போது 58 × 44 × 44 = 1,12,288. வகுத்தால் 22.46, அது 22.5 ஆகிறது. மூன்று சென்ரிமீற்றர் வீக்கத்துக்கு ஒன்றரைக் கிலோ.

காசில் எப்படித் தெரியும் என்பதற்குக் கிலோ 3,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். (உண்மையில் நாட்டுக்கு நாடு மாறும், எடை கூடக் கூடக் கிலோ விலை கொஞ்சம் இறங்கும். கணக்கு விளங்குவதற்காக ஒரே விலை.) போனில் சொன்ன 7.5 கிலோவுக்கு 22,500. அளந்த பிறகு 67,500. இதோடு நிற்காது. எரிபொருள் மேலதிகக் கட்டணம் கூலியின் வீதமாக வருவது. அது 20 வீதமாக இருந்தால் முதல் தொகை 27,000 ஆகும், இரண்டாவது 81,000 ஆகும். இந்த வீதம் அடிக்கடி மாறும் என்பதால் போன வாரத்து விலையை இந்த வாரம் நம்ப வேண்டாம்.

ஆக, விலை மாறியது என்றால் பெரும்பாலும் கட்டணப் பட்டியல் மாறவில்லை, கணக்கில் போட்ட எடை மாறியிருக்கிறது. போனில் சொல்வது நீங்கள் கொடுத்த இலக்கத்துக்கான விலை. எடையை மட்டும் கொடுத்தால் எடைக்கு மட்டும் விலை வரும்.

வீட்டில் அளப்பது

பெட்டியை முழுதாகக் கட்டி, ரேப் ஒட்டி முடித்த பிறகுதான் அளக்க வேண்டும். வெறும் பெட்டியாக இருக்கும்போது எடுத்த அளவு பயன்படாது. பெட்டியில் அச்சடித்திருக்கும் அளவும் அப்படித்தான்.

வீக்கத்தையும் சேர்த்து அளக்க ஒரு இலகுவான வழி இருக்கிறது. பெட்டியின் ஒரு பக்கத்தைச் சுவரோடு ஒட்டி வையுங்கள். எதிர்ப் பக்கத்தில் ஒரு தட்டையான பலகையையோ பெரிய புத்தகத்தையோ நிமிர்த்தி, பெட்டியைத் தொடும் அளவுக்குக் கொண்டுவந்து நிறுத்துங்கள். சுவரில் இருந்து பலகை வரைக்கும் நிலத்தில் நாடா பிடித்தால், பெட்டி எங்கே புடைத்திருந்தாலும் அது கணக்கில் வந்துவிடும். பெட்டியைத் திருப்பி அடுத்த பக்கத்தையும் இப்படியே. உயரத்துக்குப் பலகையைப் பெட்டியின் மேல் சரிவில்லாமல் படுக்க வைத்து, நிலத்தில் இருந்து பலகையின் அடிப்பக்கம் வரை. அரைகுறையாக வரும் சென்ரிமீற்றரை மேலே தூக்கிக்கொள்ளுங்கள். 43.4 என்றால் 44. பல கம்பனிகள் அப்படித்தான் எடுக்கின்றன.

உருண்டைக் குழாயில் படம் அல்லது காலண்டர் அனுப்புகிறீர்கள் என்றால், அதை உருளையாகக் கணக்குப் பார்க்க மாட்டார்கள். அது ஒரு சதுரப் பெட்டிக்குள் இருப்பதாக நினைத்து, விட்டத்தையே அகலமாகவும் உயரமாகவும் எடுப்பார்கள்.

அளந்து முடிந்ததும் முகவரிடம் எடையையும் மூன்று அளவையும் சேர்த்து வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்புங்கள். "7.2 கிலோ, 58 × 44 × 44, ரொறொன்ரோ. எத்தனை கிலோவுக்கு எடுப்பீங்கள், எரிபொருள் கட்டணத்தோட மொத்தம் எவ்வளவு?" இதற்கு வரும் பதில்தான் விலை. வாயால் சொன்னதற்குப் பிறகு ஆதாரம் இருக்காது.

பெட்டியைச் சுருக்குவது

அன்ரியின் பெட்டியைக் கடை மேசையில் வைத்துப் பிரித்தேன். பனையோலைப் பெட்டி ஒவ்வொன்றும் மூடி போட்டு, தனித்தனியாக நுரைத்தாள் சுற்றி அடுக்கியிருந்தது. முப்பதுக்குள்ளும் இருந்தது காற்று. அந்தக் காற்றைத்தான் அவர் கனடாவுக்கு அனுப்பக் காசு கட்டப் பார்த்தார்.

மூடிகளைக் கழற்றினோம். ஓலைப் பெட்டியின் வாய் அடியை விடக் கொஞ்சம் அகலம், கொஞ்சம் வளைந்தும் கொடுக்கும். பத்துப் பத்தாக ஒன்றுக்குள் ஒன்று விட்டு மூன்று அடுக்கு. மூடிகள் தனி அடுக்கு. கல்யாண வீட்டில் மூடியைப் போட ஒரு பிள்ளைக்குப் பத்து நிமிஷ வேலை. குத்துவிளக்கின் தண்டையும் தட்டையும் கழற்றி, நுரைத்தாள் சுற்றி நடுவில் வைத்தோம். சேலைகளை அடியில் படுக்க வைத்தோம். உடுப்பு அனுப்பும்போது காற்றை உறிஞ்சும் பொலித்தீன் பை நல்ல உதவி, ஆனால் ஜரிகைச் சேலையை அதற்குள் போட வேண்டாம். மடிப்பில் ஜரிகை முறிந்துவிடும்.

ஆலாத்தித் தட்டு இரண்டும் எந்தச் சின்னப் பெட்டிக்கும் அடங்காது. நசுக்கினால் பூ போய்விடும். எடையோ இரண்டும் சேர்ந்து அறுநூறு கிராம், இடமோ ஏழு போத்தலுக்கு மேல். அன்ரியின் தம்பி கல்யாணத்துக்குப் போகப்போகிறார் என்று சொன்னார், அவர் கையில் கொடுத்துவிடச் சொன்னேன். இப்படியான ஒன்றுக்கு எந்தக் கூரியரும் கட்டுப்படியாகாது.

புதிய பெட்டியின் அளவு 45 × 35 × 24. பெருக்கினால் 37,800, வகுத்தால் 7.56. எட்டுக் கிலோ. தராசில் 6.3. முன்பு வைத்த அதே விலையில் 24,000 ரூபாய், எரிபொருளோடு 28,800.

உயரத்தில் இன்னும் ஒரு சென்ரிமீற்றர் குறைத்திருந்தால் 7.25 வந்து ஏழரையோடு முடிந்திருக்கும். மேலே போட்ட நுரைத்தாளை எடுத்தால் அந்த ஒரு சென்ரிமீற்றர் கிடைக்கும். அன்ரி அதைக் கேட்டார். நான் வேண்டாம் என்றேன். உள்ளே பித்தளை விளக்கு இருக்கிறது. பெட்டி தலைகீழாக விழுந்தால் மேலே ஒரு தடுப்பு வேண்டும். அரைக் கிலோ மிச்சம் பிடிக்கப் பாதுகாப்பைக் கழிப்பதை நான் யாருக்கும் சொல்வதில்லை. வெறும் இடைவெளியாக இருந்தால் மட்டும் பெட்டியைத் தாழ்த்துங்கள். அதற்கு நான்கு மூலையையும் பிளேடால் மேலிருந்து தேவையான அளவுக்குக் கீறி, அந்த மட்டத்தில் அடிமட்டம் வைத்து மொட்டைக் கத்தரிக்கோல் முனையால் அழுத்திக் கோடு போட்டால், மட்டை அந்தக் கோட்டில் நேராக மடியும்.

பழைய பெட்டியைப் பற்றியும் ஒன்று. கொழும்பின் ஈரக்காற்றில் சீமெந்து நிலத்தில் ஒரு கிழமை கிடந்த மட்டைப் பெட்டி ஊறி மெத்தென்று ஆகிவிடும். உள்ளே சாமான் வைத்ததும் நான்கு பக்கமும் வயிறு தள்ளும். புறக்கோட்டையில் புதுப் பெட்டி வாங்கும் காசை விட அந்த வீக்கத்துக்குக் கட்டும் காசு கூட.

இரண்டு பெட்டியாகப் பிரிக்கலாமா?

இதைக் கேட்காதவர் இல்லை. பிரிப்பதால் மட்டும் இடம் குறையாது. அதோடு பாரமான சாமானை ஒரு பெட்டியிலும் லேசானதை இன்னொன்றிலும் போட்டால் சில வேளை கூடக் கட்ட வேண்டி வரும். புத்தகப் பெட்டி பத்துக் கிலோ, அதன் கனவளவு எடை ஐந்து என்று வைப்போம். மெத்தை உறைப் பெட்டி இரண்டு கிலோ, கனவளவு எடை பத்து. பெட்டி பெட்டியாகப் பார்க்கும் கம்பனி இரண்டுக்கும் பத்துப் பத்தாக இருபது கிலோ எடுக்கும். இரண்டையும் ஒரே பொதியாகச் சேர்த்துப் பார்க்கும் கம்பனி மொத்த எடை 12, மொத்தக் கனவளவு 15 என்று பார்த்து 15 எடுக்கும். இரண்டு முறையும் நடைமுறையில் உண்டு, ஆகவே கேட்டுத்தான் தெரிய வேண்டும். கேட்க வழியில்லை என்றால் ஒவ்வொரு பெட்டியிலும் பாரமானதையும் லேசானதையும் கலந்து போடுங்கள். புத்தகத்துக்கு மேல் மெத்தை உறை. அப்படிக் கட்டினால் எந்த முறையில் பார்த்தாலும் கிட்டத்தட்ட ஒரே தொகைதான் வரும்.

அவசரம் இல்லாத பெரிய லேசான சாமானுக்குக் கப்பல் இருக்கிறது. கப்பல் சரக்கில் ஒரு கன மீற்றரையும் ஒரு தொன்னையும் ஒப்பிட்டுக் கூடியதை எடுப்பார்கள். வீட்டுச் சாமான் அநேகமாக அவ்வளவு பாரமாக இராது என்பதால், அங்கே தொடக்கத்தில் இருந்தே இடத்துக்குத்தான் விலை. நாள்தான் கூட.

வான் வாசலில் நிற்கும்போது

இவ்வளவும் செய்த பிறகும் பெட்டியை எடுக்க வந்தவர் வேறு கிலோ சொன்னால், அவரோடு சண்டை பிடிக்க வேண்டாம். "நீங்கள் எடுத்த மூண்டு அளவையும் சொல்லுங்கோ" என்று கேளுங்கள். கிலோவைக் கேட்காதீர்கள், அளவைக் கேளுங்கள். உங்கள் அளவோடு ஒப்பிட்டால் எந்தப் பக்கத்தில் வித்தியாசம் என்று தெரிந்துவிடும். அந்தப் பக்கத்தை இருவரும் சேர்ந்து திரும்ப அளக்கலாம். நாடா வளைந்திருக்கும், அல்லது பிடி போட்ட கயிற்றின் முடிச்சையும் சேர்த்து அளந்திருப்பார், அல்லது உண்மையாகவே வீங்கியிருக்கும். வீக்கம் என்றால் ரேப்பை வெட்டி, ஒரு சாமானை வெளியே எடுத்து, திரும்ப ஒட்ட ஐந்து நிமிஷம் போதும்.

அளவு சரி, கிலோதான் உதைக்கிறது என்றால் எத்தனையால் வகுத்தார்கள் என்று பாருங்கள். புதிய தொகை உங்களுக்குச் சரிவராவிட்டால், பொதியோடு போகும் பத்திரமான எயார்வே பில்லில் கையெழுத்து வைப்பதற்கு முன் பெட்டியை நிறுத்திக்கொள்ளலாம். கையெழுத்து வைத்த பிறகு பெட்டி கம்பனிக்குப் போய்விடும், பிரித்துக் கட்ட முடியாது.

இன்னொரு அளவையும் இருக்கிறது, இது பலருக்குத் தெரியாது. பெட்டி கம்பனியின் சோர்ட்டிங் நிலையத்துக்குப் போனதும் அங்கே கமராவும் லேசரும் பொருத்திய இயந்திரம் திரும்பவும் அளக்கும், நிறுக்கும். நாடா காட்டியதற்கும் இயந்திரம் காட்டியதற்கும் வித்தியாசம் வந்தால் இயந்திரத்தின் அளவுக்குத்தான் பில். அது சில நாள் கழித்து முகவருக்கு வரும், முகவர் உங்களுக்குப் போன் எடுத்து மீதிக் காசு கேட்பார். வானில் ஏற்றும்போது பாரமான வேறு பெட்டியின் கீழே மாட்டி, உங்கள் பெட்டி நசுங்கிப் பக்கவாட்டில் புடைத்திருந்தாலும் இது நடக்கும்.

இதற்காகத்தான் அன்ரியின் பெட்டியை ஒட்டி முடித்ததும் அவருடைய போனில் நாலு படம் எடுத்தேன். நீளம், அகலம், உயரம் ஒவ்வொன்றிலும் நாடாவின் இலக்கம் தெரியும்படி மூன்று, தராசின் மேல் வைத்து எடை தெரியும்படி ஒன்று. எயார்வே பில் இலக்கம் ஒட்டிய பக்கமும் படத்தில் விழ வேண்டும், இல்லாவிட்டால் எந்தப் பெட்டியின் படம் என்று கேட்பார்கள். பிறகு மீதிக் காசு கேட்டு வந்தால், இயந்திரம் எடுத்த மூன்று அளவையும் எழுத்தில் தரும்படி கேட்டு, இந்தப் படங்களோடு திருத்தம் கேட்கலாம். ஒரு சென்ரிமீற்றர் வித்தியாசத்துக்கு அசைய மாட்டார்கள். பத்து சென்ரிமீற்றர் வித்தியாசம் என்றால், வேறு பெட்டியோடு ஒட்டி அளந்திருக்கலாம் என்பதால், திரும்பப் பார்ப்பார்கள்.

பெட்டி ரொறொன்ரோ போய்ச் சேர்ந்துவிட்டது என்று அன்ரி அடுத்த கிழமை போன் எடுத்தார். படங்களை அழிக்கலாமா என்று கேட்டார். கம்பனியின் கடைசி பில் எங்களுக்கு வரும் வரைக்கும் வைத்திருங்கோ என்றேன்.